மண் அள்ளாத வளைவு

மழைக்குப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியிருக்கிறேன். அங்கும் நான் பூசிய சுவர்தான் ஒழுகியது. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொத்தனாரை 'பாஸ்' என்பார்கள்; என்னை 'விழுந்த பாஸ்' என்பார்கள். துரை பங்களாவின் குளிக்கிற அறை வாசலுக்கு நான் கட்டிய முதல் செங்கல் வளைவு, முட்டுப் பலகையை மறுநாளே உருவியதால் மூன்றாம் நாள் விழுந்தது. துரைசாணியின் பூனை தப்பியது. என் மானம் தப்பவில்லை.

எங்கள் அக்கா என்னை நம்பியது அதற்குப் பிறகு. முதல் இரண்டு பிள்ளைகளும் தங்காமல் போக, மூன்றாவது பிழைத்தால் நாங்கள் குடியிருக்கும் லயத்து வரிசைக்குக் கீழே மழையில் நனைந்துகொண்டிருந்த மாரியம்மன் கல்லுக்குக் கூரை கட்டி, முதல் விளக்கைத் தன் கையால் ஏற்றுவதாக வேண்டியிருந்தாள். பிள்ளை பிழைத்தது. அதற்குள் மச்சானுக்குக் குடும்பத்தோடு இந்தியாவுக்குத் திரும்பிப் போக அரசாங்கக் காகிதம் வந்துவிட்டது. இன்னும் ஒரு மாதம்தான்.

பழைய அடுப்பை இடித்த செங்கல்லைத் தோட்ட வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா தந்தார். கூரையையே செங்கல் வளைவாகக் கட்ட நினைத்தேன். கல் குறைவு. அதனால் வளைவை உயர்த்த முடியவில்லை; தட்டையாகத்தான் வந்தது. தட்டையான வளைவு சுவர்களை வெளியே தள்ளும். ஒரு பக்கம் மலை தாங்கியது. பள்ளத்துப் பக்கச் சுவருக்கு வெளியே கருங்கல்லை அடுக்கி முட்டுக் கொடுத்தேன்.

"அங்க எதுக்குடா கல்லு?" என்றாள் அக்கா.

"வளைவு சும்மா படுக்காதுக்கா. மச்சான் மாதிரி, ரெண்டு பக்கமும் காலை நீட்டும். யாராவது நின்னு தடுக்கணும்."

"ஒன் வாயிக்கு முட்டுக் குடுக்கத்தான் ஆளு இல்ல."

முட்டுச் சட்டம் அடிக்க மரம் கிடைக்கவில்லை. சுவருக்குள்ளே மண்ணை நிரப்பி இடித்து, தேயிலைப் பெட்டிப் பலகையில் வெட்டிய அச்சால் மேலே வளைவாகச் சீவினேன். அதன் மேல் ஈரச்சாக்கைப் போட்டு, இரண்டு பக்கத்திலிருந்தும் சமமாகச் செங்கல் வைத்து நடுவில் மூடினேன். மண் வெளியே சரியாமல் வாசலில் கற்களை அடுக்கினேன். அந்த மண்ணையெல்லாம் கொழுந்துக் கூடையில் சுமந்தவள் அக்காதான்.

"ஆத்தாளப் பொதைச்சிட்டியேடா பாவி. அவளுக்கு மூச்சு முட்டாதா?"

"சுண்ணாம்பு இறுகட்டும்க்கா. பொறகு மண்ணை அள்ளுனா ஆத்தா வெளிய வருவா."

நடுக்கல் வைத்த நாளிலிருந்து மழை விடவேயில்லை. எங்கள் குளிரில் சுண்ணாம்பு இறுக ஒரு மாதம் வேண்டும். பன்னிரண்டாம் நாள் நகத்தால் கீறினேன். உள்ளே வெண்ணெயாக இருந்தது. மறுநாள் காலை அவர்களுக்கு ரயில்.

அக்கா வெறுங்கூடையோடு வந்து நின்றாள்.

"இன்னிக்கு அள்ளிருவமா?"

"வேண்டாம். விழுந்துரும்."

"விழட்டுமே. ஒரு தடவ வெளக்கேத்திட்டு வெளிய வந்துர்றேன். அப்புறம் விழட்டும்."

"ஒன் தலையில விழுந்தா? மச்சானுக்கு நான் என்ன சொல்றது?"

"பூனைக்கே ஒன்னும் ஆகலயேடா," என்றாள்.

நான் சிரிக்கவில்லை. எதற்கும் இல்லை என்று சொல்லத் தெரியாத கோமாளி, அன்றைக்கு மட்டும் பெரிய பாஸ் ஆகிவிட்டேன்.

"வேலை தெரிஞ்சவன் சொல்றேன். தொடக்கூடாதுன்னா தொடக்கூடாது."

அவள் கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள். மறுநாள் ஹட்டன் ஸ்டேஷனில் என்னிடம் பேசவில்லை. ரயில் நகர்ந்தபோது பிள்ளையின் கையைப் பிடித்து எனக்கு ஆட்டிக் காட்டினாள். தன் கையை ஆட்டவில்லை.

சாயங்காலம் வளைவைப் பார்க்கப் போனேன். வாசல் கற்களில் அடியில் இருந்த ஒன்று விலகியிருந்தது. உள்ளே ஒரு முழ நீளத்துக்குக் கை நுழைகிற பொந்து. அதன் முடிவில் ஆத்தாளின் கல்லுடைய அடிப்பகுதி தெரிந்தது. அங்கே ஒரு மண் விளக்கு, எண்ணெய் தீர்ந்து, திரி கருகி இருந்தது. பொந்தின் மண்ணில் விரல் தடங்கள். கரண்டி இல்லாமல், ஈரமண்ணைக் கையாலேயே தோண்டியிருக்கிறாள். விடியுமுன் வந்திருக்க வேண்டும். நான் பார்த்தால் திட்டுவேன் என்று பயந்திருக்க வேண்டும்.

தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். வளைவைத் தாங்குவது மேல்மண். அடியில் ஒரு கையளவு பொந்து போட்டால் அதற்கு ஒன்றும் ஆகாது. அது எனக்குத் தெரியும். அக்கா கேட்டது ஒரு விளக்கு வைக்கிற இடம்தான். ஐந்து நிமிஷ வேலை. நான் முழு மண்ணையும் மனதில் வைத்துக்கொண்டு முறைத்தேன்.

மாதம் கழிந்து மண்ணை அள்ளினேன். நடுவில் ஒரு நூல் அளவு மட்டும் இறங்கி வளைவு நின்றது. லயமே வந்து பார்த்தது. 'விழுந்த பாஸ்' என்று யாரும் அப்புறம் கூப்பிடவில்லை.

கொட்டகலை கடை முதலாளியிடம் அக்காவுக்குக் கடிதம் எழுதச் சொன்னேன். வளைவு நிற்கிறது என்று எழுதினார்.

"வேற என்னப்பா எழுத?" என்றார்.

கடையில் ஆள் நின்றது. மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை.

"பூனை சொகமா இருக்குன்னு எழுதுங்க மொதலாளி," என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே எழுதினார். அதற்கு அக்காவிடமிருந்து பதில் வரவேயில்லை.