மனை எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம்

எங்கள் குடியிருப்புக்கு ‘நகர்’ என்று பெயர் வைத்தவருக்குக் கற்பனை அதிகம். கருவேல முள், நட்ட கல், கல்லில் சிவப்பு பெயின்டில் மனை எண், அவற்றுக்கு நடுவே ஆங்காங்கே சில வீடுகள். மனைகளை வாங்கிப் போட்டவர்கள் சென்னையிலும் துபாயிலும் இருந்தார்கள். ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கிய நாங்கள் வாடகைக்கு இருந்தோம். நான் தெற்கிலிருந்து வந்தவன், ஒரகடம் பக்கம் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் தரச் சோதனை. நகரில் எனக்குப் பல வருடம். பொங்கல் விளையாட்டுப் போட்டி நடத்துவேன், ரத்த தான முகாமுக்கு ஆள் திரட்டுவேன். நலச் சங்கக் கூட்டத்தில் மட்டும் வராந்தாவில் நிற்பேன். மனை இருந்தால்தான் உறுப்பினர்.

சங்கத்துக்கு வெப்சைட் வேண்டும் என்றார் செயலாளர். இந்த ஊர்க்காரர், சொந்தமாக இரண்டு மனை உள்ளவர். “துபாய்ல கீறவன்லாம் ரோடு வந்துச்சா லைட்டு வந்துச்சான்னு போன் பண்ணி உயிர எடுக்கறான். அங்கேர்ந்தே பாத்துக்கட்டும். நீதான் எழுதுற ஆளாச்சே கவிஞரே, இன்னா இன்னா போடணும்னு பிளான் குடு.”

ஒத்துக்கொண்டேன். வராந்தாவிலிருந்து உள்ளே போக இதுதான் வாசல் என்று அப்போதே மனதுக்குள் தீர்மானித்துவிட்டேன்.

ஸ்ரீபெரும்புதூரில் பிரவுசிங் சென்டர் நடத்திய அம்மா தளத்தைச் செய்வதாக ஏற்பாடு. ஒரு ஞாயிறு காலை செயலாளரோடு அங்கே போய், அந்த அம்மாவின் மேசையில் சார்ட் தாளை விரித்துக் கட்டங்கள் வரைந்தேன். முகப்பு. அதிலிருந்து நான்கு கோடுகள்: நிகழ்ச்சி நாட்காட்டி, அறிவிப்புகள், படங்கள், உறுப்பினர் படிவம். படங்களைச் சின்னதாகத்தான் அடுக்க வேண்டும், தொட்டால் பெரிதாகட்டும் என்றார் அந்த அம்மா. டெலிபோன் லைனில் பெரிய படம் இறங்குவதற்குள் பார்க்கிறவர் எழுந்து போய்விடுவார். அறிவிப்புகளுக்கான தமிழ் எழுத்துருவை முகப்பிலேயே இறக்கிக்கொள்ள வழி வைக்க வேண்டும், இல்லையென்றால் எழுத்து புரியாமல் வெறும் கொசகொசதான். படிவத்துக்கு வந்ததும் என் பேனாவை நிறுத்தினார்.

“இதுல எது கட்டாயம்? அதுக்கெல்லாம் செவப்பு ஸ்டார் போடணும். நிரப்பலன்னா படிவம் போவாது.”

பேர், முகவரி, போன் என்றேன். செயலாளர் விரலை நீட்டினார். “மனை எண்ணுக்குப் போடு. அதான் முக்கியம்.”

போட்டார். அடுத்த ஞாயிறு சோதனைப் படிவம் தயார். நானே நிரப்பிப் பார்த்தேன். மனை எண்ணை வெறுமனே விட்டு அனுப்பு பொத்தானை அழுத்தினேன். திரையின் நடுவே ஒரு பெட்டி குதித்தது. அந்தப் பெட்டிக்குள் தமிழ் எழுத்துரு வேலை செய்யாது என்பதால் ஆங்கில எழுத்தில் இருந்தது: மனை எண் தேவை. கூட்டத்தில் யாரும் இவ்வளவு சுருக்கமாக என்னிடம் சொன்னதில்லை.

“அந்த ஸ்டாரை எடுங்க” என்றேன்.

“யோவ், மனை இல்லாதவன் எப்படிய்யா மெம்பரு?” என்றார் செயலாளர்.

“நாட்காட்டியப் பாருங்க அண்ணாச்சி. பொங்கல் போட்டி யாரு நடத்துதாக? ஆடிக்கூழ் யாரு ஊத்துதாக? கொடியேத்த கம்பம் நட்டது யாரு? அம்புட்டும் வாடகைக்கு இருக்கவங்க. மனைக்காரங்கள மட்டும் வச்சா நாட்காட்டில மாசம் மட்டுந்தான் இருக்கும்.”

“அதுக்கு?”

“படம் வர்ற பக்கத்துல என்ன போடுவீக? முள்ளும் கல்லுமா? துபாய்க்காரரு தொட்டுப் பெருசாக்கிப் பாத்தா முள்ளுதான் பெருசாகும்.”

அந்த அம்மா சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார். செயலாளருக்குக் கோபம் வந்தது, ஆனாலும் எழுந்து போகவில்லை. நானும் எழவில்லை. “ஸ்டார் போனாத்தான் நான் அறிவிப்பு எழுதுவேன், படம் தருவேன். இல்லைன்னா வேற கவிஞரப் பாத்துக்கோங்க.”

“ரெண்டு வட்டம் வச்சிடலாமாண்ணா?” என்றார் அம்மா செயலாளரிடம். “சொந்த மனை, வாடகை. ஒண்ணத் தொட்டாதான் அனுப்பும். சொந்தம்னா மனை எண்ணு, வாடகைன்னா கதவு எண்ணு.”

செயலாளர் நாற்காலியைத் திரைப் பக்கம் இழுத்துப் போட்டார். “வாடகைக்காரனுக்கு ஓட்டு கிடையாது. அதை மொதல்லயே சொல்லிட்டேன்.”

“வட்டத்த வைங்க” என்றேன்.

மறு வாரம் அந்த அம்மா வட்டங்களை வைத்திருந்தார். வாடகை என்ற வட்டத்தைத் தொட்டேன், கதவு எண்ணை அடித்தேன், அனுப்பினேன். பெட்டி எதுவும் குதிக்கவில்லை. பக்கத்து மேசையில் செயலாளரின் மின்னஞ்சலில் முதல் உறுப்பினர் விண்ணப்பமாக என் பெயர் வந்து விழுந்தது. அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டு அதைப் படித்தார், அச்செடுக்கச் சொன்னார்.

“ஓட்டு பத்தி நான் கூட்டத்துல பேசுவேன் அண்ணாச்சி.”

“வராந்தாவுல நின்னா?”

“உள்ள உக்காந்து.”

அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். “வா. நாற்காலி பத்தாது, வூட்லேர்ந்து எடுத்துனு வா.”

எடுத்துப் போனேன்.