பஸ் வராத மூன்று நாள்

அன்று மருத்துவமனையில் நானும் என் மனைவியும் மட்டும் இருந்தோம். தளியிலிருந்து அவள் அம்மா வரவில்லை, என் அம்மாவும் வரவில்லை. இருவருக்கும் நாங்கள் சொல்லவேயில்லை.

மத்திகிரியில் ஒற்றை அறை வாடகை வீடு. ஓசூர் கம்பெனி ஒன்றில் அவள் பயிற்சித் தொழிலாளி. வேலை நிரந்தரமாகும்வரை குழந்தை வேண்டாம் என்று சுகாதார நிலைய நர்ஸிடம் கருத்தடை மாத்திரை வாங்கினாள். அட்டையில் இருபத்தொரு மருந்து மாத்திரை, பிறகு ஏழு இரும்பு மாத்திரை. கம்பெனி பஸ் ஹாரன் அடித்ததும் ஒன்றை விழுங்கிவிட்டு ஓடுவாள். ஞாயிறுகளில் நான் நினைவூட்டுவேன்.

இரும்பு மாத்திரை முடிந்த மறுநாள் உதிரிபாகம் வராமல் கம்பெனியை மூன்று நாள் மூடினார்கள். பஸ் இல்லை. திடீர் விடுமுறையின் மகிழ்ச்சியில் நாங்கள் நெருக்கமாக இருந்தோம். அட்டை இருவருக்கும் நினைவில்லை. நான்காம் நாள் ஹாரன் கேட்டதும்தான் பதறினாள்.

"என்னங்க, மூணு விட்டுட்டேன். புது அட்டை பிரிக்கவே இல்ல. நர்ஸக்காவ கேக்கலாமா?"

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்குப் போனவன் நான். அட்டையோடு வந்த தாளைப் பிரித்தேன். ஒரு மாத்திரை விட்டால் நினைவு வந்ததும் போட்டுக்கொண்டு வழக்கம்போலத் தொடரலாம் என்றிருந்தது. அதற்குக் கீழே நான் படிக்கவில்லை.

"இப்ப ஒண்ணு போட்டாப் போதும். இதுக்குப் போயி நர்ஸா?"

"டிப்ளமோக்காரரு சொன்னா சரிதான்" என்று சிரித்துக்கொண்டே விழுங்கிவிட்டு ஓடினாள்.

அடுத்த இரும்பு மாத்திரை வாரத்தில் தீட்டு வரவில்லை. சோதனையில் இரண்டு கோடு. அப்போதுதான் நர்ஸிடம் போனோம்.

"ரெண்டு, மூணு விட்டா கணக்கு வேற தம்பி. இரும்பு மாத்திரையில மருந்து கெடையாது. ஏழு நாளும் மூணும் பத்து நாளு சும்மா இருந்திருக்கா. அன்னிக்கே ஒண்ணு போட்டு, தெனம் மாத்திரைய விடாமத் தொடந்து, ஏழு நாளைக்கு ஆணுறையும் போட்டிருக்கணும். அந்த மூணு நாள்ல சேந்திருந்தாக்கூட, அஞ்சு நாளுக்குள்ள வந்திருந்தா அவசர மாத்திரை குடுத்திருப்பேன். நாலு தெரு தள்ளித்தானே இருக்கேன், கேக்கக் கூடாதா?"

அவள் என்னைத் திட்டவில்லை. திரும்பி நடக்கும்போது, "வேணாம்னு நான் சொல்லலீங்க. இப்ப வேணாம்னுதான் சொன்னேன்" என்றாள். இரண்டு நாள் சாப்பிடாமல் யோசித்து, கலைப்பது என்று முடிவெடுத்தவளும் அவள்தான்.

அரசு மருத்துவமனையில் தெரிந்தவர்கள் பார்ப்பார்கள் என்று பயந்து கிருஷ்ணகிரியில் தனியார் மருத்துவமனைக்குப் போனோம். இரண்டு நாள் வயிற்றைப் பிடித்துச் சுருண்டு கிடந்தாள். தண்ணீர் கொடுத்தால் வாங்கிக்கொண்டாள், என் முகத்தைப் பார்க்கவில்லை. லீவு அதிகம் என்று கம்பெனியில் அவளுடைய வேலை நிரந்தரத்தை ஆறு மாதம் தள்ளிவைத்தார்கள். ஸ்கேன், டாக்டர், மருந்து, பிடித்த சம்பளம் எல்லாம் சேர்த்து எட்டாயிரத்துத் தொள்ளாயிரம் ரூபாய் ஆனது.