படகு பிந்திய செய்தியும் அக்காவின் சரியும்

எங்கள் நயினாதீவுச் செய்திப் பக்கத்தை மூன்று பேர் நடத்துகிறோம். எதையும் பதிவிடுவதற்கு முன் எழுத்துப்பிழை, தகவல், பெயர், இணைப்பு, தொனி என ஐந்தையும் பார்ப்போம். தகவலும் பெயரும் ஓய்வுபெற்ற தபாலதிபர் அண்ணையின் பொறுப்பு. தொனி, நூலகத்தில் வேலை செய்யும் அக்காவுடையது. மற்ற இரண்டும் என்னுடையவை.

ஒருநாள் காலைப் படகு பிந்தியது. "படகோட்டிக்குப் பயணிகளின் நேரம் ஒரு பொருட்டே இல்லை" என்று கோபத்தில் எழுதிவிட்டேன். எழுத்துப்பிழை எதுவும் இல்லை. நேர அட்டவணைக்கான இணைப்பும் திறந்தது. ஆனால் படகோட்டிக்குத் தொலைபேசி எடுத்த அண்ணை, "கடுங்காத்தாம். கடல் அடங்குமட்டும் நிண்டவராம்" என்றார்.

அக்கா என் வரியை எனக்கே உரத்து வாசித்தார்.

"இதை அந்த மனுசனுக்கு முன்னாலை நிண்டு சொல்லுவீரோ?"

"ஏலாது அக்கா."

"அப்ப ஏன் ஊருக்கெல்லாம் சொல்லுறீர்?"

ஐம்பது வயதில் வெட்கமாக இருந்தது. காற்றினால் படகு பிந்தியது, இனி முன்கூட்டியே அறிவித்தால் உதவியாக இருக்கும் என்று மாற்றினேன். அக்கா மறுபடி வாசித்துச் சரி போட்டார். பிறகு தன் சாப்பாட்டுப் பெட்டியிலிருந்த பிட்டில் பாதியை என் பக்கம் தள்ளினார்.

"கோவம் வந்தால் முதல்லை சாப்பிடும். பிறகு எழுதும்."