டி-2வில் நின்ற சிப்பாய்

சதுரங்க மன்றத்தில் அவளை எல்லோரும் ‘ரிவர்ஸ்’ என்றுதான் கூப்பிடுவார்கள். மற்றவர்கள் பலகையைப் பார்த்து அடுத்த நகர்வைத் தேடுவார்கள். அவள் கடைசி நகர்வைத் தேடுவாள். இந்த ராஜாவுக்கு எப்படிச் செக் வந்தது, இப்படி ஒரு நிலை ஒழுங்கான ஆட்டத்தில் எப்போதாவது வந்திருக்க முடியுமா என்றெல்லாம் பின்னோக்கித் துருவும் புதிர்கள்தான் அவளுக்கு உயிர். பகலில் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. முறிந்த மணிக்கட்டைத் திரையில் பார்த்ததும், “கையை ஊன்றி விழுந்தீங்களா?” என்று கேட்டு நோயாளியைத் திகைக்க வைப்பாள்.

இந்தப் பைத்தியத்தை அவளுக்கு ஏற்றிவிட்டது அண்ணன். மன்றத்தின் மாத இதழில் வரும் பின்னோக்குப் புதிர்களை அவர் அமைப்பார். ஓட்டை இருக்கிறதா என்று அவள் சோதிப்பாள். ஓட்டை கிடைத்த நாளில் போனில் அண்ணனைக் கிண்டலடித்துத் தீர்த்துவிடுவாள். அப்படிக் கிடைத்த நாட்கள் மிகக் குறைவு.

ஒரு பிற்பகலில், ஜன்னலோர மேசையில் பலகையைப் பரப்பி உட்கார்ந்திருந்தபடியே அண்ணன் போய்விட்டார். மாரடைப்பு. கூட்டமெல்லாம் கலைந்த பிறகு அண்ணி அவளை அந்த அறைக்குக் கூட்டிப்போனாள்.

“பலகையை அப்படியே வச்சிருக்கேன். யாரையும் தொட விடல. உனக்குத்தான் புரியும்.”

அண்ணிக்கு ஆட்டம் தெரியாது. முப்பது வருஷமாக அந்தப் பலகையைச் சுற்றித் துடைத்தவள், அவ்வளவுதான்.

ரிவர்ஸ் நாற்காலியில் உட்காரவில்லை. நின்றபடியே பார்த்தாள். 

வெள்ளைச் சிப்பாய்கள் எட்டும் பலகையில் இருந்தன. வெள்ளையின் இரண்டாம் வரிசையில், பி-2, டி-2 இரண்டு கட்டங்களிலும் சிப்பாய்கள் ஆரம்பத்தில் நின்ற இடத்திலேயே நின்றன. அந்த இரண்டுக்கும் பின்னால், நடுவில், சி-1ல் வெள்ளைப் பிஷப்பின் சொந்த வீடு. பிஷப் குறுக்காக மட்டுமே போகும். முன்னாலிருக்கும் அந்த இரண்டு சிப்பாய்களும் ஒரு தடவைகூட அசையவில்லை என்றால் அதற்கு வாசலே இல்லை. ஆட்டம் முழுக்க உள்ளேயே கிடக்கவேண்டும், அல்லது உள்ளேயே வெட்டுப்பட்டுச் சாகவேண்டும். ஆனால் அந்தப் பிஷப் ஜம்மென்று ஜி-5ல் வெளியே நின்றது. சிப்பாய் ஒன்று மறுமுனைக்குப் போய்ப் பிஷப்பாக மாறி வந்ததா என்றால் அதுவும் இல்லை, எட்டுச் சிப்பாயும் இங்கேயே இருக்கின்றன.

வர முடியாத நிலை. முதல் வாரம் சேர்ந்தவன்கூடச் செய்யாத பிழை.

“என்னம்மா, ஏன் இப்படி முழிக்கிற?” என்றாள் அண்ணி.

“ஒண்ணுமில்ல அண்ணி. பாதியில நின்னிருக்கு போல.”

வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பிஷப் கண்ணை விட்டுப் போகவில்லை. சமைக்கும்போது வந்து நின்றது. எக்ஸ்ரே தகட்டின் கறுப்பில் வந்து நின்றது. பூட்டிய வீட்டுக்குள் இருந்த ஆள் தெருவில் நிற்பதைப் பார்த்தவள்போல அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. அதைவிட மோசமான நினைப்பு ஒன்று அதன் பின்னாலேயே வந்தது. இறப்பதற்கு முந்தைய வாரம் அண்ணன் போனில் ஒரே கேள்வியை இரண்டு தடவை கேட்டிருந்தார். அவள் சிரித்துக்கொண்டே இரண்டு தடவையும் பதில் சொன்னாள். அண்ணனின் மூளை அப்போதே தடம் புரள ஆரம்பித்திருந்ததா? எத்தனையோ பேரின் எலும்புக்குள் பார்ப்பவள், அண்ணன் சரிந்துகொண்டிருந்ததைப் பார்க்கத் தவறிவிட்டாளா?

மன்றச் செயலாளர் கூப்பிட்டார். “ரிவர்ஸ், அண்ணனோட கடைசிப் புதிரை இதழ்ல போடணும்னு எல்லாரும் கேக்கறாங்க. அனுப்பறியா?”

“இன்னும் பார்த்து முடிக்கல சார்.”

“உனக்கே அவ்வளவு கஷ்டமா? அப்போ பலே புதிரா இருக்கும்.”

 அவள் போனை வைத்தாள்.

அடுத்த விடுமுறையில் மறுபடி அண்ணன் வீட்டுக்குப் போனாள். அறையில் யாரோ இப்போதுதான் எழுந்துபோன மாதிரி இருந்தது. நாற்காலி மெத்தையில் குழி இன்னும் அப்படியே இருந்தது. அவள் எதிர்ப்பக்கம், கறுப்பின் பக்கம், ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். கறுப்பு ராஜா சி-5ல். கொஞ்சம் தள்ளி, இ-4ல் ஒரு கறுப்புச் சிப்பாய். இரண்டும் நடுவில் காலியாகக் கிடந்த டி-4 கட்டத்தையே பார்ப்பதுபோல் இருந்தன. எதற்காக அண்ணன் இவற்றை இங்கே வைத்தார்?

அண்ணி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

“அண்ணி, கோவிச்சுக்காதீங்க. அன்னிக்கு இதை யாருமே தொடலையா? நிஜமாவே?”

“யாரும் தொடல. சத்தியமா.” அண்ணி யோசித்தாள். “அவரைத் தூக்கும்போது மேசை இடிச்சுது. ஒண்ணு கீழ உருண்டுது. மத்ததெல்லாம் அசையல. அதை மட்டும் நான் எடுத்து வச்சேன்.”

“எங்க வச்சீங்க?”

“அந்தா, அந்த வரிசையில. நாலு குட்டி, அதுக்கு நடுவுல ஒரு ஓட்டை, பல்லு விழுந்த மாதிரி. அங்கதான இருந்திருக்கும்னு வச்சேன்.” அண்ணியின் விரல் டி-2 சிப்பாயைக் காட்டியது. பிறகு முகம் வெளுத்தது. “தப்பாடி? தப்பா வச்சிட்டேனா?”

ரிவர்ஸ் அந்தச் சிப்பாயை எடுத்தாள். டி-4ல் வைத்தாள்.

ஒரே நொடியில் எல்லாம் பேசின. கறுப்பு ராஜாவுக்குச் செக். சிப்பாய் கொடுக்கும் செக் என்றால் அந்தச் சிப்பாயேதான் கடைசியாக நகர்ந்திருக்க வேண்டும், வேறு வழியே கிடையாது. இனி கறுப்பின் முறை. சிப்பாய் ஒரே தாவலில் இரண்டு கட்டம் வந்திருந்தால், பக்கத்திலிருக்கும் கறுப்புச் சிப்பாய் அடுத்த நகர்வில் மட்டும், அது ஒரு கட்டம்தான் வந்ததுபோல் பாவித்து அதை வெட்டலாம். அப்படி வெட்டிச் செக்கிலிருந்து தப்பலாமா என்பதுதான் அண்ணனின் கேள்வி. பார்த்தவுடன் எல்லோரும் ‘தப்பலாம்’ என்பார்கள். ஆனால் ஒரு நகர்வுக்கு முன்னால் அது டி-2ல் இருந்திருந்தால், பிஷப் வெளியே வந்திருக்கவே முடியாது. பிஷப் வெளியேதான் நிற்கிறது. ஆகவே அது டி-2லிருந்து தாவி வரவில்லை. டி-3லிருந்து ஒரு கட்டம் வந்திருக்கலாம், அல்லது பக்கத்துக் கட்டத்திலிருந்து எதையோ வெட்டிக்கொண்டு வந்திருக்கலாம். எப்படி வந்திருந்தாலும் கறுப்புச் சிப்பாய்க்கு அந்த உரிமை இல்லை.

மேசையில் கையூன்றிக்கொண்டாள். ஓட்டையே இல்லை. அண்ணன் அமைத்தவற்றிலேயே இதுதான் சுத்தம்.

“பிரமாதம் அண்ணி,” என்றாள். குரல் உடைந்தது. “ரொம்பப் பிரமாதமா வச்சிருக்கார். அந்தப் பிஷப்புதான் சாட்சி. நான் இத்தனை நாளா அதைத்தான் பொய்ன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்.”

“நான் வச்சதாலதான?”

“நீங்க பல்லு விழுந்த ஓட்டையைத்தான் அடைச்சீங்க. நான்தான் அவரையே சந்தேகப்பட்டேன்.”

இருவரும் அழுதார்கள், கொஞ்சம் சிரித்தார்கள். அடுத்த இதழில் புதிர் வந்தது. மன்றத்தில் பாதிப் பேர் அதில் ஏமாந்தார்கள். செயலாளர் தோற்றுப்போன சந்தோஷத்தில் கைதட்டினார்.

ஆனாலும் போனில் இரண்டு தடவை கேட்ட அந்தக் கேள்வி போகவில்லை. பலகை சுத்தமாக இருந்ததால் அண்ணனின் மனசும் கடைசிவரை சுத்தமாக இருந்தது என்று ஆகிவிடாது. அதைச் சொல்ல ஒரு கட்டத்திலும் எந்தக் காயும் இல்லை. வேலையில் ஏதாவது ஒரு முறிவைத் திரையில் பார்க்கும்போது, “எப்படி விழுந்தீங்க?” என்று இப்போதெல்லாம் கேட்கிறாள். நோயாளி சொல்லி முடிக்கும்வரை, தனக்குத் தெரிந்ததைச் சொல்லாமல் நிற்கிறாள்.