வால்டர் திருத்திய லீவு பதில்

"என் கண்ணுல பட்ட இங்கிலீஷ் திருத்தம் இல்லாம தப்பிச்சுப் போனதா சரித்திரமே கிடையாது. கவர்னரே எழுதிக் குடுத்தாலும் ரெண்டு இடத்துல கை வைப்பேன்."

மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்குப் போகும் காலை ரயிலில், சீட்டுக் கட்டுக்கும் இட்லி டப்பாவுக்கும் நடுவே நின்று வால்டர் இப்படிப் பிரகடனம் செய்தார். யாரும் மறுக்கவில்லை. மறுத்தால் பங்காருபேட்டை வரைக்கும் ஆதாரம் காட்டுவார் என்பது அந்தப் பெட்டிக்கே தெரியும்.

ஆதாரங்களும் உண்டு. ஊரில் நந்திதுர்க் பகுதியில் அவர் வசிக்கும் தெருவில் எந்தக் கல்யாணப் பத்திரிகையும் அவர் கண்ணில் படாமல் அச்சுக்குப் போனதில்லை. பக்கத்து வீட்டு சகாயம் காலமானபோது, சுவரில் ஒட்டியிருந்த இரங்கல் நோட்டீஸில் பேனாவால் ஒரு கமாவைச் சேர்த்துவிட்டுத்தான் உள்ளே போய் மாலை போட்டார். "செத்தவருக்கு நாம செய்யற கடைசி மரியாதை" என்று விளக்கமும் சொன்னார். மனைவி ஜெயசீலி அன்றைக்கு அவரோடு பேசவில்லை. பேசினால் அதிலும் திருத்தம் வரும் என்று பயந்திருக்கலாம்.

ஒயிட்ஃபீல்டுப் பக்கம், தண்ணீர் பம்புகளுக்கு உதிரிபாகம் விற்கும் ஒரு கம்பெனியில் அவர் சீனியர் அசிஸ்டென்ட். இருபத்தாறு வருஷ சர்வீஸ். பதவி உயர்வு அவரைத் தேடி வரவில்லை. வந்த உத்தரவில் பிழை இருந்ததால் அவரே திருப்பி அனுப்பிவிட்டார் என்று ரயில் சிநேகிதர் சம்பங்கி பேச்சைக் கிளப்பிவிட்டிருந்தார். அது பொய்தான். ஆனால் நம்பும்படியான பொய்.

அந்த ஆபீஸில் எட்டு மாசத்துக்கு முன்னால் சேர்ந்தவள் வினோலியா. அதே ரயில், அதே ஊர். ரயிலில் அவரை "அங்கிள்" என்பாள். ஆபீஸ் கேட் தாண்டினால் "சார்". வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அடுத்த மாசம்தான் அந்தக் கடிதம் வரவேண்டும். அதற்குள் அவளுக்கு நிச்சயதார்த்தம் வந்துவிட்டது. வியாழக்கிழமை சாயங்காலம் ராபர்ட்சன்பேட்டை சர்ச் ஹாலில். சேர்ந்ததிலிருந்து முதல் முறையாக லீவு கேட்டாள். புதன், வியாழன், வெள்ளி. மேனேஜர் கையெழுத்துப் போட்டுவிட்டு ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: மெயிலில் தானியங்கி பதில் போட்டுவிட்டுப் போக வேண்டும். யார் மெயில் அனுப்பினாலும் கம்ப்யூட்டரே "ஆள் இல்லை" என்று பதில் சொல்லிவிடும்.

திங்கட்கிழமை ரயிலிலேயே போனில் எழுதி முடித்தாள். எழுதியது இங்கிலீஷில். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: "ஹாய்! புதன் முதல் வெள்ளி வரை லீவில் இருக்கிறேன். மெயில் பார்க்க மாட்டேன். அவசரம் என்றால் வால்டர் சாருக்கு எழுதுங்கள். திங்கட்கிழமை வந்துவிடுவேன்."

எழுதியதோடு விட்டிருக்கலாம். எதிர் சீட்டில் வால்டர் உட்கார்ந்திருந்தார்.

"இன்னாம்மா அது? குடு, ஒரு பார்வை பாத்துடறேன்."

மூக்குக் கண்ணாடி மாறியது. போனை எட்டப் பிடித்தார், கிட்டப் பிடித்தார். முகம் எக்ஸ்ரே பார்க்கிற டாக்டர் முகமாக ஆயிற்று.

"ஹாயா? நீ இன்னா பானிபூரிக் கடையில கூப்பிடறியா? கஸ்டமரும்மா. 'மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மையீர்'னு ஆரம்பி."

"சரி அங்கிள்."

"'லீவில் இருக்கிறேன்'. எப்போ? இன்னைக்கு நீ லீவுலயா கீறே? என் எதிருல உக்காந்துனு கீறே. 'செல்லவிருக்கிறேன்'னு போடு. காலம் தப்பக் கூடாது."

"இல்ல அங்கிள், படிக்கறவங்க புதன்கிழமைதானே படிப்பாங்க? அப்போ நான் லீவுல..."

"எழுதறது யாரு? நீ. எழுதற நாள் எது? திங்கள். முடிஞ்சுது."

சீட்டைக் கலைத்துக்கொண்டிருந்த சம்பங்கி தலையை நீட்டினார். "அந்தப் பொண்ணு சொல்றது சரியாப் படுதே, வால்டரு."

"நீ உன் ஆட்டத்தைப் பாரு."

அடுத்து கிழமைகளை நீக்கினார். கிழமையெல்லாம் எழுதுவது சினிமா போஸ்டர் மாதிரி இருக்கிறதாம். 'இவ்வாரத்தில் சில தினங்கள்' என்றால் கௌரவம். 'பார்க்க மாட்டேன்' என்பது முகத்தில் கதவைச் சாத்துவது. அதற்குப் பதிலாக, 'மின்னஞ்சலை அணுகும் வாய்ப்பு மட்டுப்பட்டிருக்கும். அவசர நிலையில் கீழ்க்காணும் கைபேசி எண்ணில் அடியேனைத் தயங்காது தொடர்புகொள்ள வேண்டுகிறேன்' என்ற அர்த்தத்தில் இங்கிலீஷில் அவரே டைப் அடித்தார். கடைசியாகத் தன் பெயருக்கு வந்தார். அங்கேதான் உண்மையாகவே மனசு நொந்துபோனார்.

"ஜூனியர் லீவுக்கு சீனியர் மாத்தாளா? எந்த ஆபீஸ்ல இந்த வழக்கம் கீது? என் பேர எடு."

எடுத்தாள். அந்த இடத்தில் அவளுடைய நம்பர் உட்கார்ந்தது. நாலு வரி பதினோரு வரியாக வளர்ந்திருந்தது. செவ்வாய் சாயங்காலம் அதையே கம்ப்யூட்டரில் ஏற்றி, புதன் முதல் வெள்ளி வரை ஓடும்படி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

புதனும் வியாழனும் ஆபீஸ் குளம் போல அமைதியாக இருந்தது. வினோலியாவைத் தேடி ஒருவரும் வால்டரிடம் வரவில்லை. "நல்லா எழுதினா ஒரு பய தொந்தரவு பண்ண மாட்டான்" என்று டீக்கடையில் உபதேசமே செய்தார்.

வியாழன் சாயங்காலம் ரயிலிலிருந்து இறங்கி, நேராக சர்ச் ஹாலுக்குப் போனார். ஜெயசீலி அவருக்காக வாசலில் காத்திருந்தாள். உள்ளே ஃபாதர் ஜெபத்தை ஆரம்பித்திருந்தார். மாப்பிள்ளை இன்பராஜ் மோதிரப் பெட்டியைத் திறந்தான். வினோலியாவின் மடியிலிருந்த கைப்பைக்குள் போன் உறுமியது. நின்றது. மறுபடி உறுமியது.

மாப்பிள்ளையின் அம்மா முன்வரிசையில் இருந்தாள். பக்கத்து உறவுக்காரியிடம் சொல்வதுபோல் சொன்னாள். ஹாலுக்கே கேட்டது. "வேலைக்குப் போற பொண்ணுன்னு சொன்னாங்க. வேலையைக் கூடவே கூட்டினு வருவான்னு சொல்லலியே. நேத்து பூ வைக்கப் போனப்பவும் இதே கதை. நாளைக்கு என் புள்ளைக்குச் சோறு போடறப்பவும் மணி அடிக்குமா?"

வினோலியாவின் கண் கலங்கியது. இன்பராஜ் மோதிரத்தை வைத்துக்கொண்டு எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் ஃபாதரைப் பார்த்தான்.

மோதிரம் ஒருவழியாக மாறியது. விருந்துக்கு எழுந்தபோது வினோலியா வால்டரிடம் வந்து போனை நீட்டினாள். "ரெண்டு நாளா இதே அங்கிள். எல்லாம் கஸ்டமருங்க. ஆஃப் பண்ணவும் பயம். 'கூப்பிடச் சொல்லிட்டு எடுக்கல'ன்னு மேனேஜர் கிட்ட போட்டுக் குடுத்தா, அடுத்த மாசம் லெட்டர் வராது. அவங்க அம்மா வேற..." போன் மறுபடி உறுமியது.

வால்டர் அதை வாங்கிக்கொண்டு பின்பக்கத் தண்ணீர்த் தொட்டி அருகே போனார்.

"மேடம், ஓசூர் முனியப்பன். லீவுல போறதுக்கு முன்னாடி நம்ம சரக்கை அனுப்பிட்டுப் போயிடுங்க."

"அவங்க லீவுலதான் இருக்காங்க சார். நான் ஆபீஸ்ல வால்டர்."

"இல்லியே, இனிமேதான் போவப்போறாங்கன்னு மெயில் வந்திருக்கே. படிக்கட்டுமா?"

வேண்டாம் என்று சொல்வதற்குள் படிக்க ஆரம்பித்தார். 'மட்டுப்பட்டிருக்கும்' என்ற இடத்தில் மூச்சு வாங்கினார். 'அடியேனை' என்ற இடத்தில் நிறுத்தி, "இது இன்னா சார், பஜனையா?" என்று கேட்டார். தன் எழுத்தை இன்னொருவர் வாயால் முழுசாகக் கேட்பது வால்டருக்கு அதுதான் முதல் தடவை.

"யாரு எழுதிக் குடுத்தாங்களோ, பெரிய படிப்பு படிச்சவங்கதான்" என்றார் முனியப்பன். "எனக்குப் புரிஞ்சது அந்த போன் நம்பர் ஒண்ணுதான். 'தயங்காது'ன்னு போட்டிருந்துச்சு. அதான் தயங்கல."

பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது. வால்டர் மேலும் மூன்று பேருக்கு அங்கேயே நின்று பதில் சொன்னார். திரும்பி வந்தவர் வினோலியாவிடம், "நம்பர் எத்தினி பேருக்குப் போயிருக்கோ, போனது போனதுதான். இனிமே வர்ற போனையெல்லாம் என் நம்பருக்குத் திருப்பி உட்டுடு. வெள்ளிக்கிழமை முழுக்க நான் பாத்துக்கறேன்" என்றார்.

"எல்லாமா அங்கிள்?"

"எல்லாந்தான்."

எல்லாம் என்றால் எல்லாம் என்று வெள்ளிக்கிழமை காலை ரயிலில் தெரிந்தது. வால்டரின் போன் அடித்தது. சத்தத்தில் சரியாகக் கேட்காது என்று ஸ்பீக்கரைப் போட்டார்.

"கண்ணு, எழுந்துட்டியா? ராத்திரி பூரா உன் நெனப்புதான்."

சீட்டு ஆட்டம் நின்றது. இட்லி பாதி வழியில் நின்றது.

"எழுந்து ரயில்ல போயினு கீறேன் தம்பி" என்றார் வால்டர், ஆபீஸ் குரலில். "வால்டர் பேசறேன்."

இன்பராஜ் லைனைத் துண்டித்த வேகத்தில் பெட்டியே அதிர்ந்தது. "பதில் நல்லாத்தான் குடுத்தே" என்றார் சம்பங்கி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஆனா அந்தக் 'கண்ணு'வத் திருத்தாம உட்டுட்டியே, வால்டரு. 'மதிப்பிற்குரிய கண்ணு'ன்னு வந்திருக்கணுமே!"

ஆபீஸ் போய்ச் சேர்ந்ததும் மேனேஜரைப் பார்த்துவிட்டு வந்தார். வினோலியாவின் நம்பரை அடித்தால் தன் போனுக்கே திரும்பி வரும் என்பதால், அவள் அப்பா நம்பரைத் தேடி எடுத்து, அவளைக் கூப்பிட்டார்.

"போனைத் திருப்பி உட்டத எடுத்துடும்மா. மாப்பிள்ள பாவம்."

"கஸ்டமருங்க கூப்பிட்டா, சார்?"

"தெரியாத நம்பரை எடுக்காத. மேனேஜர் கிட்ட நானே போய் சொல்லிட்டேன், தப்பு என்னுதுன்னு." குரலைத் தாழ்த்தினார். "அந்த மொதல்ல எழுதின நாலு வரி... வச்சிருக்கியா?"

"வச்சிருக்கேன் சார். ஆனா அதுல உங்க பேரு..."

"இருக்கட்டும். அதையே போடு."

"நீங்க பாக்க அனுப்பட்டுமா சார்? ஏதாவது மாத்தணும்னா..."

"போடும்மா."

அவள் வீட்டிலிருந்தபடியே போனில் பதினோரு வரியை நிறுத்திவிட்டு நாலு வரியை வைத்துவிட்டாள். வால்டர் தன் கம்ப்யூட்டரிலிருந்து அவளுக்கு ஒரு வெற்று மெயில் அனுப்பிப் பார்த்தார். கண் இமைப்பதற்குள் பதில் வந்தது.

ஹாய் என்றது. புதன் முதல் வெள்ளி வரை லீவில் இருக்கிறேன் என்றது. அவர் பெயரைச் சொன்னது.

மேஜை மேலிருந்த பேனாவை, பழக்க தோஷம், எடுத்துவிட்டார். பதிலை இன்னொரு முறை படித்தார். பேனாவின் மூடியைத் திறந்தார்.

மூடினார். சட்டைப் பையில் செருகினார்.

திரையில் முனியப்பனின் புது மெயில் வந்து நின்றது. "ஹாய் வால்டர் சார்" என்று ஆரம்பித்திருந்தது. வால்டர் கண்ணாடியை மாற்றிக்கொண்டு, ஓசூர்க்காரரின் சரக்கு எங்கே நிற்கிறது என்று தேடப் போனார்.