காதுகுத்து ரீலும் இரண்டு கிளையன்ட்டுகளும்

நாற்பத்தேழு வயதில் மறுபடி வேலை தேட வேண்டியதாயிற்று. நான் இருந்த கல்யாண வீடியோ ஸ்டுடியோவை மூடிவிட்டார்கள். மகள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். மாட்டுத்தாவணி அருகே ஒரு வீடியோ நிறுவனத்தில் எடிட்டர் தேவை என்று கேள்விப்பட்டுப் போனேன். அந்த வேலை எனக்குக் கிடைத்தே ஆக வேண்டும்.

நிறுவனத்தை நடத்தியது ஓர் இளம் தம்பதி. கேள்விகளை மனைவி கேட்டார். நிறத்திருத்தம், ஒலி, எழுத்து சேர்ப்பது எல்லாம் தெரியும் என்றேன். அவர்களுடைய மென்பொருள் மட்டும் எனக்குப் புதிது என்பதையும் சொல்லிவிட்டேன்.

"பரவாயில்லண்ணே. ஒரு டெஸ்ட் தாரேன். உசிலம்பட்டியில ஒரு கிளையன்ட் வீட்டுக் காதுகுத்து. ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஒரு நிமிச ரீல் வேணும்."

காட்சியைத் திறந்தேன். பட்டுச்சேலையில் குழந்தையோடு நின்ற கிளையன்ட், எனக்கு எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்ட அதே பெண்தான். கவனிக்காததுபோல் வேலையைத் தொடங்கினேன். பழைய பழக்கத்தில், வெட்டும் விசை என்று நினைத்து ஒன்றை அழுத்தினேன். தாய்மாமன் சீர்த்தட்டுகளோடு மறைந்துபோனார்.

"ஐயோ, எங்க அண்ணன் எங்கே?" என்று பதறியவர், "கிளையன்ட்டோட அண்ணன்" என்று திருத்திக்கொண்டார்.

தாய்மாமனை மீட்டேன். இரண்டு கேமராக்களின் ஒலியையும் பொருத்தி, குழந்தை அழும் இடத்தில் மேளத்தைத் தணித்து, நேரத்துக்குள் முடித்தேன். அடுத்தது திருத்தச் சோதனை. அண்ணன் வருவதை நீட்டச் சொன்னார் மனைவி. நீட்டினேன். அப்போது கணவர் உள்ளே வந்து திரையைப் பார்த்தார்.

"ஒங்கண்ணன் நடந்து வரவே இருபது செகண்டா? மண்டபத்துக்கு வந்தாரா, ஊர்வலம் போனாரா? எங்கக்கா எங்கே?"

"அம்புட்டுச் சீரத் தூக்கிட்டு ஓடியா வருவாரு? ஒங்கக்கா பந்திக்குப் போன வேகத்துல கேமராவுலயே பதியல!"

அக்காவைச் சேர்த்தேன். அண்ணனை இன்னும் நீட்டினேன். ஒவ்வொரு திருத்தத்துக்கு முன்பும் தொகுப்பை நகலெடுத்து எண்ணிட்டு வைத்தேன். ஆறாவது திருத்தத்தில் குழந்தைக்கு நான்கு நொடிதான் மிஞ்சியது. காது குத்தும் காட்சியே இல்லை.

"கடைசி முடிவு யாரோடது?" என்று கேட்டேன்.

"என்னோடது" என்றார்கள் இருவரும்.

"அப்ப கிளையன்ட் ரெண்டு பேரு. ரெண்டு ரீல் தாரேன். குழந்தை வர்ற இடம் ரெண்டுலயும் ஒண்ணுதான், அதுல கை வைக்க மாட்டேன். சொந்தக்காரங்க வர்ற இடம் மட்டும் மாறும். அவங்கவங்க குடும்ப வாட்ஸ்ஆப் குரூப்புல போட்டுக்கங்க. திருத்தம் இருந்தா, எந்த செகண்டுன்னு ஒரே ஆளு எழுதித் தரணும். அதுவும் ரெண்டு தடவதான்."

கணவர் சிரித்துவிட்டார். "இதே டெஸ்ட்டுக்கு முன்னாடி வந்த மூணு பேரு பாதியிலயே பையத் தூக்கிட்டுப் போயிட்டாய்ங்கண்ணே."

"நம்ம சண்டையப் பாத்துத்தான் போயிருப்பாங்க" என்ற மனைவி என்னிடம் திரும்பினார். "திங்கக்கிழமையிலருந்து வாங்கண்ணே."

இரண்டு ரீல்களையும் முடித்துக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். மாடிப்படி இறங்கி முடிப்பதற்குள் கணவர் கைப்பேசியை நீட்டியபடி ஓடி வந்தார்.

"எங்கக்கா பாத்துட்டாங்கண்ணே. மூக்குத்தி தெரியலையாம்."

"எந்த செகண்டுலன்னு கேளுங்க" என்று சொல்லிவிட்டு, மறுபடி மாடியேறினேன்.