ஓட்டைப்பல் சிரிப்பு

மூன்றாம் வகுப்பு பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் அவளுக்கு 'போட்டோக்கா' என்று பெயர். பெற்ற தகப்பன் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட அங்கே ஆளில்லை. பள்ளியில் விளையாட்டுப் போட்டியா, மாறுவேடமா, மரம் நடுகிறார்களா, முதல் வரிசையில் போனைத் தூக்கிக்கொண்டு நிற்பது அவள்தான். மற்ற தாய்மார் வீடு போய்ச் சேர்வதற்குள் படங்கள் குரூப்பில் வந்து விழுந்திருக்கும். "உங்களுக்குக் கோயிலே கட்டலாம்க்கா" என்று ஒருத்தி எழுதுவாள். அவளுக்கு அது போதும், அன்றைக்கு முழுக்கக் கால் தரையில் பாவாது.

அதனால்தான் பிரின்சிபாலின் அறிவிப்பு வந்ததும் அவளுக்குச் சுருக்கென்றது. 'வகுப்புக் குழுவில் பகிர்ந்த படங்களில் பிற குழந்தைகள் இருந்தால் அவற்றைக் குழுவிலிருந்தும் தங்கள் கைபேசியிலிருந்தும் இன்றே நீக்கிவிடவும். தங்கள் குழந்தை மட்டும் உள்ள படத்தை வைத்துக்கொள்ளலாம். காரணம் கேட்க வேண்டாம்.'

காரணம் கேட்க வேண்டாம் என்றால் கேட்காமல் இருப்பார்களா? குரூப் கொதித்தது. யாரோ பணக்கார வீட்டுப் புகார் என்றது ஒரு கூட்டம். டீச்சர் தூங்கிய படம் ஏதோ மாட்டிக்கொண்டது என்றது இன்னொன்று. போட்டோக்கா எல்லாவற்றையும் படித்தாள். யாரைச் சொல்கிறார்கள் என்று இதில் தெரிய என்ன இருக்கிறது? அவளைத்தான்.

அவள் வேலை பார்ப்பது பள்ளிக்கு எதிரே உள்ள பல் கிளினிக்கில். வருகிறவர்களை உட்கார வைப்பது, உள்ளே கூப்பிடுவது, கிளினிக் போனில் 'நாளை உங்களுக்கு நேரம் இருக்கிறது' என்று எல்லோருக்கும் அனுப்புவது. பள்ளி விட்டதும் மகள் நேராக அங்கே வந்து, பக்கத்து நாற்காலியில் கால்களை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கூடவே அவளுடைய உயிர்த்தோழி சுருட்டை. முடியைப் பார்த்து வைத்த பெயர் அது. அம்மா வேலை முடிந்து வந்து அழைத்துப் போகும்வரை அவளுக்கும் கிளினிக்தான் புகலிடம். இந்த வாரம் மட்டும் சுருட்டையின் நாற்காலி காலியாகக் கிடந்தது.

"சுருட்டைக்குக் காய்ச்சலா?" என்று மகளைக் கேட்டாள்.

"தெரியலம்மா. மிஸ்ஸைக் கேட்டா பேச்சை மாத்துறாங்க."

போட்டோக்கா ஆத்திரத்தோடு தன் போனை எடுத்து, தான் போட்ட படங்களை ஒவ்வொன்றாக அழுத்திக் குறித்தாள். மேடைப் படம், ஓட்டப்பந்தயம், மகளும் சுருட்டையும் கன்னத்தோடு கன்னம் வைத்து முன்பல் இல்லாமல் சிரிக்கும் படம். நீக்கு என்பதைத் தொட்ட நேரத்தில் கிளினிக் போன் அலறியது.

"கிளினிக் எங்கம்மா இருக்கு?" ஓர் ஆண் குரல். மரியாதையான குரல்தான்.

"ஸ்கூலுக்கு நேர் எதிர்ல சார். பச்சை கேட். பல்லுல என்ன பிரச்சினை?"

"சும்மா கேட்டேன்." போன் வைக்கப்பட்டது.

இந்தப் பக்கம் அவள் விரல் அழுத்தியது 'எனக்கு மட்டும் நீக்கு'. படங்கள் அவள் போனில் மறைந்தன. மற்ற எல்லோருடைய போனிலும் ஜம்மென்று உட்கார்ந்திருந்தன. இனி 'அனைவருக்கும் நீக்கு' என்று கொடுக்கலாம் என்றால், கொடுக்க அவளிடம் படமே இல்லை. இருந்தாலும் பிரயோஜனமில்லை, அதற்கான கெடு எப்போதோ தாண்டிவிட்டது. தலையில் அடித்துக்கொண்டாள்.

மறுநாள் பிரின்சிபால் கூப்பிட்டு அனுப்பினார். சண்டை போடத் தயாராகத்தான் போனாள். உள்ளே சுருட்டையின் அம்மா உட்கார்ந்திருந்தாள். குரூப்பில் ஒரு கும்பிடுகூடப் போடாத, அதிர்ந்து பேசாத பெண். கண்கள் வீங்கியிருந்தன.

"இவங்க சம்மதிச்சதால சொல்றேன்" என்றார் பிரின்சிபால். "சேர்க்கும்போதே, பொண்ணு படம் எங்கேயும் வரக்கூடாதுன்னு எழுதிக் கொடுத்தாங்க. ஸ்கூல் ஃபேஸ்புக் பக்கத்துல நாங்க போடல. பெற்றோர் குரூப் எங்க கையில இல்ல. நீங்கதானே அதுல அட்மின்?"

சுருட்டையின் அம்மா தன் போனை நீட்டினாள். அந்த ஓட்டைப்பல் சிரிப்பு. யாரோ வட்டமாக வெட்டியிருந்தார்கள், கொஞ்சம் மங்கல். கீழே ஒரு வரி: 'என் பொண்ணு நல்லா சிரிக்கிறாளே.'

"அவ அப்பன் அனுப்பினது. அந்தாளு எங்க பக்கத்துல வரக்கூடாதுன்னு கோர்ட்டே சொல்லியிருக்குக்கா" என்றாள். "ரெண்டு ஊர் மாத்தியாச்சு. இங்கதான் அவ சிரிக்கவே ஆரம்பிச்சா. இது எந்த ஸ்கூல்னு மட்டும் அவனுக்குத் தெரியக்கூடாது."

போட்டோக்கா போனைத் திருப்பிக் கொடுத்தாள். "நான் பாத்துக்கறேன்" என்றாள்.

அன்றிலிருந்து அவள் உட்காரவில்லை. காரணத்தைச் சொல்லாமல் காரியத்தை முடிக்க வேண்டும். பள்ளி வாசலில் ஒவ்வொரு பெற்றோராகப் பிடித்தாள். குரூப்பில் அழித்தால் போதாது, கேலரியில் தானாக இறங்கியிருக்கும், அதையும் அழிக்க வேண்டும், அழித்தது குப்பைத்தொட்டியில் கிடக்கும், அதையும் காலி செய்ய வேண்டும், சித்தி பெரியம்மாவுக்கு அனுப்பியிருந்தால் அவர்களுக்கும் சொல்ல வேண்டும். "போட்டதும் நீங்கதான், எடுக்கச் சொல்றதும் நீங்கதானா?" என்று சிரித்தார்கள். சிரித்துக்கொண்டேதான் அழித்தார்கள், அந்த மட்டும் நல்லது.

கேக் கடைக்காரர் ஒருவர்தான் மல்லுக்கு நின்றார். மகள் பிறந்தநாளுக்கு வகுப்பே கேக் தின்கிற படத்தைக் கடையின் ஃபேஸ்புக் பக்கத்தில் விளம்பரமாகப் போட்டிருந்தார்.

"என் கேக்கு, என் பொண்ணு. எவன் கேக்கறது?"

"உங்க பொண்ணு இருக்கட்டும்ணே. மத்த புள்ளைங்க என்ன உங்க கடை பொம்மையா?" அவர் போனையே வாங்கி, மகளும் கேக்கும் மட்டும் இருக்கும்படி வெட்டிக் கொடுத்தாள். அவர் சாய்த்துப் பார்த்தார். கேக் பெரிதாகத் தெரிந்தது. சமாதானமானார்.

எல்லாம் முடிந்தது. சுருட்டையின் அம்மாவிடமிருந்து சேதி வந்தது: 'நாளைக்கு ஸ்கூலுக்குக் கூட்டிட்டு வரேன்க்கா. உங்களாலதான்.' மகளிடம் சொன்னாள். மகள் குதித்த குதியில் டாக்டரே எட்டிப் பார்த்தார்.

அந்தச் சந்தோஷத்தோடுதான் கிளினிக் போனை எடுத்து மறுநாள் வருகிறவர்களுக்குச் சேதி அனுப்ப உட்கார்ந்தாள். முதல் சேதியை அனுப்பிவிட்டுத் திரையின் ஓரத்தைப் பார்த்தாள். விரல் நின்றுவிட்டது.

கிளினிக் நம்பரின் முகப்புப் படம், ஒரு சின்ன வட்டம். அதற்குள் மகளும் சுருட்டையும் கன்னத்தோடு கன்னம் வைத்து, முன்பல் இல்லாமல். மகள் விளையாட்டாக வைத்தது. 'பல் ஆஸ்பத்திரிக்கு இதைவிடப் பொருத்தமா எது இருக்கு' என்று டாக்டர் சிரித்ததால் அப்படியே விட்டது. இந்த நம்பரை வைத்திருக்கும் அத்தனை பேருக்கும், அவர்கள் யாருக்கெல்லாம் கொடுத்தார்களோ அவர்களுக்கும் தெரியும்படி, மாதக்கணக்காக. அவன் அனுப்பிய படத்தை யாரும் வட்டமாக வெட்டவில்லை. அது வட்டமாகத்தான் இருந்தது.

படத்தை எடுத்தாள். அப்போதுதான் அந்த மரியாதையான குரல் நினைவுக்கு வந்தது. ஸ்கூலுக்கு நேர் எதிர்ல சார்.

சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது உண்மை. படம்தான் போய்விட்டதே, யாருக்குத் தெரியப் போகிறது? பக்கத்து நாற்காலியில் மகள் சுருட்டைக்காகப் பென்சில் சீவிக்கொண்டிருந்தாள். போட்டோக்கா சுருட்டையின் அம்மாவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். அழைப்புப் பட்டியலில் இருந்த அந்த நம்பரையும் வாசித்தாள்.

மறுமுனையில் சுருட்டையின் அம்மா அதை ஒருமுறை திருப்பிச் சொன்னாள்.

"அவன் நம்பர்தான்க்கா" என்றாள். "நாளைக்குக் காலையில அந்தப் பச்சை கேட் முன்னாடிதான் இவளை இறக்கி விட்டிருப்பேன். நல்ல வேளை, இப்பவாவது சொன்னீங்க. போலீஸுக்குச் சொல்லிடறேன். நாங்க கிளம்பறோம்."

"எங்க போவீங்க?"

"அதை மட்டும் கேக்காதீங்கக்கா."

போன் அணைந்தது. மகள் சீவிய பென்சிலை ஊதி, நீட்டிக் காட்டினாள்.

"கூர்மையா இருக்காம்மா? நாளைக்கு அவ வந்ததும் குடுக்கணும்."